ஆசிரியரின் பணி மதிப்பீட்டை எழுதுவது எப்படி: வகுப்பு மேலாண்மை, மாணவர் கற்றல், சக ஆசிரியர்களோடு ஒத்துழைப்பு

ஓர் ஆசிரியரின் ஓராண்டு வேலையை மதிப்பிட்டு எழுதும் பொறுப்பு தலைமை ஆசிரியருக்கோ துறைத் தலைவருக்கோ வரும்போது, கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு படிவம்தான். அதில் வகுப்பு மேலாண்மை, மாணவர் தேர்ச்சி, ஒத்துழைப்பு என்று சில கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் "நன்று", "மிக நன்று" என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். 2009-இல் அமெரிக்காவில் 12 பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. "திருப்தி, திருப்தியில்லை" என்று இரண்டே தரங்கள் இருந்த மாவட்டங்களில் 99 சதவீதத்துக்கும் மேலான ஆசிரியர்கள் "திருப்தி" என்று தரப்பட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே சொல் கிடைத்தால், நன்றாக வேலை செய்தவருக்கும் தடுமாறியவருக்கும் அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை.

பயன்படும் மதிப்பீடு எதுவென்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அதைப் படித்து முடித்ததும், அடுத்த வாரம் வகுப்பில் எதை அப்படியே தொடர்வது, எதை மாற்றுவது என்று அந்த ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கண்ணால் பார்த்தது ஒரு பக்கமும், அதிலிருந்து நாம் எடுத்த முடிவு இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிப்பைப் பற்றித்தான்.

விளக்க வசதிக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 36 மாணவர்கள். 'ஆ' பிரிவின் கணித ஆசிரியையை நாம் மதிப்பிடுகிறோம். 'அ' பிரிவுக்கு வேறொரு கணித ஆசிரியர் இருக்கிறார். 'ஆ' பிரிவைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் சொல்லப்படுவது: "அந்த வகுப்பில் பாதி பீரியட் சத்தம்தான்."

முதல் படி: எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்

மதிப்பீடு எழுதும் மாதத்தில் ஆதாரம் தேடினால் கடைசி ஆறு வாரத்தில் நடந்தவை மட்டுமே நினைவுக்கு வரும். எனவே ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு தாளில் மூன்று தலைப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எதைப் பார்ப்போம், எப்படிப் பார்ப்போம் என்று இரண்டு மூன்று வரி போதும். அந்த ஆசிரியருக்கு எத்தனை பீரியட், எத்தனை வகுப்புகள், வேறு என்ன பொறுப்புகள் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். வாரத்துக்கு 22 பீரியட் எடுப்பவரையும் 30 பீரியட் எடுப்பவரையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடாமல் இருக்க ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பு உதவும்.

அப்புறம் ஒரு மெல்லிய நோட்டு. ஆண்டு முழுவதும் கண்ணில் பட்டதைத் தேதி போட்டு ஒரு வரி எழுதி வைக்க அது போதும். நல்லதும் கெட்டதும் நடந்தபடியே எழுதப்பட வேண்டும். புகார் வந்த நாளில் மட்டும் திறக்கப்படும் நோட்டு மதிப்பீட்டுக்கு உதவாது.

இரண்டாம் படி: வகுப்பைப் பாருங்கள், ஆனால் ஒருமுறை மட்டும் அல்ல

வகுப்பு மேலாண்மையை மதிப்பிடும்போது மிக எளிதாக நேரும் பிழை, அமைதியை மேலாண்மை என்று எடுத்துக்கொள்வது. பின்வரிசையில் பத்துப் பேர் ஒன்றும் எழுதாமல் பயந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பும் அமைதியாகத்தான் இருக்கும். நான்கு நான்கு பேராக ஒரு கணக்கை விவாதிக்கும் வகுப்பில் சத்தம் கேட்கத்தான் செய்யும். வராந்தாவில் நடந்து போகும்போது காதில் விழுவதை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இந்தத் துறையில் அடிப்படையான ஆய்வைச் செய்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். மாணவர் தவறு செய்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வேறுபாடு அவருக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு இருந்தது அதற்கு முந்தைய கட்டத்தில். வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க முடிகிறதா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பு தடையில்லாமல் நகர்கிறதா, இவைதான் வகுப்பை நிர்ணயித்தன. ஆகவே நாம் பார்க்க வேண்டியதும் கண்டிப்பை அல்ல, அந்த நகர்வை.

இதற்கு நான் பயன்படுத்தும் முறை எளிது. ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்பின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே ஒரு தடவை பார்வையை ஓட்டுங்கள். கொடுத்த வேலையில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். 40 நிமிட பீரியடில் எட்டு எண்கள் கிடைக்கும். நடுவில் நேரம் போட்டு, நடந்ததை மட்டும் குறியுங்கள். இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்து, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டார், யார் அருகே போனார் என்று சிறு கோடு போடுங்கள். பெயர் சொல்லிக் கண்டித்தால் அதற்கு வேறொரு குறி.

'ஆ' பிரிவில் ஒரு பீரியடில் எழுதிய குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

10.02 – ஆசிரியை உள்ளே வந்தார். பலகையில் மூன்று சிறு கணக்குகள். பேச்சு இல்லாமலே பெரும்பாலோர் நோட்டைத் திறந்தார்கள்.
10.07 – விடைகளைக் கைதூக்கச் சொல்லிச் சரிபார்த்தார். தவறிய ஆறு பேர் அருகே போய் நின்றார்.
10.20 – பயிற்சிக் கணக்குகள் தரப்பட்டன. ஒரு நிமிடத்தில் அனைவரும் தொடங்கினர்.
10.24 – முன் இரு வரிசைகளில் எட்டுப் பேர் முடித்துவிட்டார்கள். ஆசிரியை பின்வரிசையில் சந்தேகம் தீர்க்கிறார்.
10.27 – முடித்தவர்கள் பேசத் தொடங்கினர். பேச்சு அடுத்த வரிசைக்குப் பரவியது. ஆசிரியை இரண்டு முறை "அமைதி" என்றார்.
10.33 – விடைகளைப் பலகையில் போடத் தொடங்கினார். பேச்சு நின்றது.

ஐந்து நிமிட எண்ணிக்கைகள்: 3, 2, 4, 3, 11, 13, 5, 4.

இந்த எண்களைப் பார்த்தால் "பாதி பீரியட் சத்தம்" என்ற பேச்சு அப்படியே நிற்காது. வகுப்பின் முதல் இருபது நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் ஒழுங்காக இருக்கின்றன. குலைவது நடுவில் ஒரு பத்து நிமிடம். குலையத் தொடங்கிய 11 பேரில் எட்டுப் பேர் வேலையை முடித்தவர்கள். அவர்களுக்கு அடுத்து செய்ய ஒன்றும் இல்லை. அவசரமாக எழுதியிருந்தால் "வகுப்புக் கட்டுப்பாட்டில் மேலும் கண்டிப்பு தேவை" என்று எழுதியிருப்போம். உண்மையில் கண்டிப்பால் அந்த எட்டுப் பேருக்கு வேலை கிடைக்காது.

ஆனால் இது ஒரு நாள், ஒருவரின் பார்வை. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்து, 2013-இல் இறுதி முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில் இது நன்றாகத் தெரிந்தது. ஒருவரே ஒரு பாடத்தை ஒருமுறை பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. அதே நபர் இன்னொரு முறை போவதைவிட, வேறொருவர் இன்னொரு பாடத்தைப் பார்ப்பது நம்பகத்தை அதிகம் கூட்டுகிறது. எனவே ஆண்டுக்கு இரண்டு முழு பீரியட், இரண்டு பதினைந்து நிமிடப் பார்வை என்று வையுங்கள். அதில் ஒன்றையாவது வேறொரு மூத்த ஆசிரியர் பார்க்கட்டும். முன்னறிவித்தும் போக வேண்டும், அறிவிக்காமலும் போக வேண்டும். காலை முதல் பீரியடும் பிற்பகல் கடைசி பீரியடும் அதில் இடம்பெற வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஏற்கனவே நன்றாகப் படிக்கும் மாணவர்கள் நிறைந்த வகுப்பை எடுப்பவர்களுக்குப் பார்வையாளர்கள் கொஞ்சம் கூடுதலாகவே மதிப்பெண் போடுகிறார்கள். அதே திறமையுள்ளவர் பின்தங்கிய வகுப்பை எடுத்தால் குறைவாகத் தெரிகிறார். அதனால் இரண்டு ஆசிரியர்களின் பார்வைக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன், அந்த வகுப்புகள் எங்கிருந்து தொடங்கின என்று பாருங்கள்.

மூன்றாம் படி: மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள்

மாணவர் கற்றலை ஒரு தேர்ச்சி சதவீதமாகச் சுருக்கினால் அது ஆசிரியரைவிட, அவருக்கு எந்த வகுப்பு ஒதுக்கப்பட்டது என்பதைத்தான் காட்டும். மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் 1 முதல் 14 சதவீதம் வரைதான் ஆசிரியரால் விளக்கப்படுகிறது என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் குறிப்பிட்டது. ஆசிரியரால் பெரிய பயன் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து ஒருவரைத் தூக்குவதும் கூடாது, தாழ்த்துவதும் கூடாது என்றுதான் பொருள்.

அதற்காக மதிப்பெண்ணை ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். ஒழுங்காகப் பிரித்தால் அது நிறையச் சொல்லும். ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு, முடிவில் அதே அளவு கடினமான, அதே பாடப்பகுதிகளைத் தொடும் இன்னொரு தேர்வு வையுங்கள். விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்களும் மாற்றித் திருத்தட்டும். இரண்டு தேர்வையும் எழுதிய மாணவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். நடுவில் சேர்ந்தவரையும் நீண்ட நாள் வராதவரையும் தனியாகக் குறித்துவிடுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 'ஆ' பிரிவின் சராசரி 41-இலிருந்து 58-க்கு வந்திருக்கிறது. 'அ' பிரிவு 55-இலிருந்து 66-க்கு. இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் 'அ' ஆசிரியரே சிறந்தவர் என்பார். ஏற்றத்தைப் பார்ப்பவர் 17-க்கு 11 என்று 'ஆ' ஆசிரியையைப் பாராட்டுவார். இரண்டும் அரைகுறை.

இப்போது ஒவ்வொரு பிரிவையும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மூன்று குழுக்களாக்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொடக்கத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே குழு பிரிக்கக் கூடாது. அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் குறைவாக எழுதிய நல்ல மாணவரும் கீழ்க்குழுவில் விழுந்துவிடுவார். அடுத்த தேர்வில் அவர் தானாகவே ஏறுவார், அந்த ஏற்றம் ஆசிரியரின் கணக்கில் சேர்ந்துவிடும். அதேபோல அன்று அதிர்ஷ்டத்தில் அதிகம் வாங்கியவர்கள் மேல்குழுவில் சேர்ந்து, பிறகு இறங்குவார்கள். முந்தைய ஆண்டின் இறுதி மதிப்பெண் போன்ற வேறொன்றை வைத்துப் பிரித்தால் இந்தக் கோளாறு பெருமளவு குறையும்.

அப்படிப் பிரித்தபோது கிடைத்தது:

| குழு | 'ஆ' தொடக்கம் | 'ஆ' முடிவு | 'அ' தொடக்கம் | 'அ' முடிவு |
|---|---|---|---|---|
| கீழ் 12 பேர் | 22 | 46 | 38 | 44 |
| நடு 12 பேர் | 41 | 59 | 55 | 66 |
| மேல் 12 பேர் | 60 | 69 | 72 | 88 |

சராசரியில் தெரியாத கதை இங்கே தெரிகிறது. 'ஆ' ஆசிரியை பின்தங்கியவர்களை 24 மதிப்பெண் உயர்த்தியிருக்கிறார். முன்னணி மாணவர்கள் 9 மட்டுமே ஏறியிருக்கிறார்கள். 'அ' பிரிவில் இது அப்படியே தலைகீழ்: மேலே 16, கீழே 6. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் மூன்று நான்கு மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பொருள் தேட வேண்டாம். ஓரிரு மாணவர்களாலேயே அது வந்துவிடும். 24-க்கும் 9-க்கும் இடையிலான தூரம் அந்த வகை அல்ல.

அடுத்து விடைத்தாள்களைத் திறந்து பாருங்கள். இது நேரம் எடுக்கும் வேலை, ஆனாலும் விட்டுவிடாதீர்கள். 'ஆ' பிரிவின் மேல்குழு எங்கே மதிப்பெண்ணை இழந்திருக்கிறது? இரண்டு படிகளில் யோசிக்க வேண்டிய சொற்கணக்குகளில். நேரடிக் கணக்குகளில் அவர்கள் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். வகுப்பில் 24-ஆவது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருந்த அதே எட்டுப் பேரின் விடைத்தாள்களும் இவற்றில்தான் இருக்கின்றன. கடினமான கணக்கு அவர்கள் கைக்கு வரவே இல்லை. வகுப்பில் எழுதிய குறிப்பும் மதிப்பெண் அட்டவணையும் இப்படி ஒரே இடத்தைச் சுட்டும்போது, நம் முடிவை நம்பலாம். இரண்டும் வெவ்வேறு திசையில் போனால் எழுத அவசரப்படாமல் இன்னொரு முறை வகுப்புக்குப் போங்கள்.

மதிப்பெண்ணுக்குள் வராத கற்றலும் உண்டு. அதற்கு நோட்டுகளைப் பார்ப்பது நல்ல வழி. ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு மாணவர்களின் நோட்டை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து புரட்டுங்கள். ஆசிரியை திருத்திய தவறு மூன்று வாரம் கழித்தும் அதேபோல வருகிறதா? வரவில்லை என்றால் திருத்தம் மாணவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக் மட்டும் இருந்தால் அது எதையும் காட்டாது.

நான்காம் படி: ஒத்துழைப்பை நடந்த காரியங்களால் அளவிடுங்கள்

மூன்று தலைப்புகளில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். "எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார்" என்று எழுதுவது குணச் சான்றிதழ். அது வேலையின் மதிப்பீட்டில் சேராது. அதிகம் பேசாத, ஸ்டாஃப் ரூமில் ஓரமாக உட்காரும் ஆசிரியர் மிகச் சிறந்த சக ஊழியராக இருக்க முடியும். கூட்டத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்பவரை "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது நியாயமே இல்லை. தேர்வு அட்டவணையில் உள்ள பிழையைக் கூட்டத்தில் சுட்டிக்காட்டியவர் பள்ளிக்கு உதவியிருக்கிறார்.

பார்க்க வேண்டியது ஒன்றே: இவருடைய வேலையை நம்பி இன்னொருவரின் வேலை இருக்கும் இடங்களில் என்ன நடந்தது? மதிப்பெண் பட்டியல் குறித்த நாளில் வகுப்பாசிரியருக்குப் போனதா? விடுப்பு எடுத்தபோது மாற்று ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய வேலை எழுதி வைக்கப்பட்டிருந்ததா? பொதுவான வினாத்தாளில் தன் பங்கை முடித்தாரா? ஒரு மாணவரிடம் கண்ட சிக்கலை உரியவரிடம் சொன்னாரா? இவற்றுக்கெல்லாம் தேதியோடு பதில் சொல்ல முடியும்.

சக ஆசிரியர்களிடம் கேட்பதானால் "இவருக்குப் பத்துக்கு எத்தனை?" என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் நட்பையும் மனக்கசப்பையும்தான் அளக்கும். அவரோடு சேர்ந்து வேலை செய்த இரண்டு மூன்று பேரிடம் மட்டும், "இந்த ஆண்டில் அவரால் உங்கள் வகுப்பில் ஏதாவது மாறியதா? எது?", "அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியது தாமதமான சந்தர்ப்பம் உண்டா?" என்று கேளுங்கள். சம்பவம் சொல்ல முடியாத புகாரை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம். பெயர் சொல்லாமல் வரும் குறையையும் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் ஆசிரியரால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

கூடுதல் வேலைகளை எண்ணும்போதும் கவனம் வேண்டும். மறுக்கத் தெரியாதவரிடமே எல்லா வேலையும் போய்ச் சேர்வது வழக்கம். பிறகு "நிறையப் பொறுப்பு எடுத்தார்" என்று அவருக்கும், "முன்வருவதில்லை" என்று மற்றவருக்கும் எழுதிவிடுகிறோம். யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவே இல்லை என்று முதல் படியில் எழுதிய தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 'அ' பிரிவு ஆசிரியரிடம் கடினமான சொற்கணக்குகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது, முன்னணி மாணவர்களுக்கு அதைத்தான் தருகிறார். 'ஆ' ஆசிரியையிடம் பீரியட் தொடக்கத்தில் மூன்று சிறு கணக்கு கொடுத்து, தவறியவர்களை உடனே கண்டுபிடிக்கும் பழக்கம் இருக்கிறது. ஒருவரிடம் இருப்பதுதான் மற்றவருக்குத் தேவை. ஏன் பகிர்ந்துகொள்ளவில்லை? கால அட்டவணையைப் பார்த்தால் இருவருக்கும் ஓய்வு பீரியட் ஒரே நேரத்தில் ஒன்றுகூட இல்லை. இது ஆசிரியையின் குறை கிடையாது, அட்டவணை போட்டவர் சரிசெய்ய வேண்டியது. மதிப்பீட்டில் பள்ளி செய்ய வேண்டியது என்று ஒரு பகுதி இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஆசிரியர் முதலில் எழுதட்டும்

வரைவைக் காட்டும் முன், ஒரு பக்கத்தில் தன் ஆண்டைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். நீண்ட படிவம் வேண்டாம். மாணவர்களிடம் எங்கே முன்னேற்றம் கண்டார், எங்கே நினைத்தது நடக்கவில்லை, அதற்கு என்ன முயன்றார் என்ற மூன்று கேள்விகள் போதும். நாம் பார்க்காத பல விஷயங்கள் இதில் வரும். நாம் கண்ட சிக்கலை அவரே எழுதியிருந்தால் பேச்சு பாதி தூரம் கடந்துவிட்டது.

ஆறாம் படி: வரைவை எழுதுங்கள்

ஒவ்வொரு கருத்தும் நான்கு பகுதிகளாக வரட்டும்: என்ன கண்டோம், எப்போது, மாணவர்களிடம் அதன் விளைவு என்ன, அடுத்து என்ன. "நல்ல கட்டுப்பாடு", "மேலும் முயற்சி தேவை", "ஆர்வமுள்ளவர்" போன்ற சொற்களை எழுதிவிட்டு, அதே வாக்கியத்தை வேறு யாருடைய மதிப்பீட்டிலும் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் அடித்துவிடுங்கள்.

'ஆ' ஆசிரியைக்கு எழுதும் பகுதி இப்படி வரலாம்:

"பார்த்த நான்கு வகுப்புகளிலும் பீரியட் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் மாணவர்கள் வேலையில் இருந்தார்கள். தொடக்கக் கணக்குகளைத் தவறவிட்டவர்களை ஆசிரியை அன்றே அடையாளம் கண்டு அருகில் சென்று உதவுகிறார். கீழ்க்குழுவின் சராசரி 22-இலிருந்து 46-க்கு உயர்ந்ததில் இந்த முறைக்குப் பங்கு இருக்கிறது என்று கருதுகிறோம். பயிற்சி நேரத்தின் நடுவில், வேலையை முன்னதாக முடிக்கும் மாணவர்களுக்கு அடுத்த பணி இல்லை. இரண்டு முழு பீரியடிலும் அந்தப் பத்து நிமிடத்தில் வேலையில் இல்லாதவர்களின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் கூடியது. மேல்குழு 9 மதிப்பெண் மட்டுமே உயர்ந்துள்ளது. இழப்பு பெரும்பாலும் இரண்டு படிகளில் யோசிக்க வேண்டிய சொற்கணக்குகளில். வரும் பருவத்தில் ஒவ்வொரு பயிற்சியோடும் இரண்டு கடினமான கணக்குகளைத் தாளின் பின்புறம் சேர்ப்பது இலக்கு. இதற்காக இரண்டு பிரிவுகளின் கணித ஆசிரியர்களுக்கும் வாரம் ஒரு பொது ஓய்வு பீரியடைப் பள்ளி ஒதுக்கும்."

"பங்கு இருக்கிறது என்று கருதுகிறோம்" என்ற தொடரைக் கவனியுங்கள். தொடக்கக் கணக்குகள்தான் முழுக் காரணம் என்று நமக்கு நிரூபணம் இல்லை. எனவே அந்த அளவோடு நிறுத்துகிறோம். இலக்கும் ஒன்றே ஒன்று. ஆறு இலக்குகள் எழுதினால் ஒன்றும் நடக்காது.

எழுதி முடித்ததும் மூன்று தலைப்புகளையும் தனித்தனியே மறுபடி படியுங்கள். ஒருவர் மீது ஒரு விஷயத்தில் நல்ல எண்ணம் வந்துவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் அதே எண்ணம் பரவும் என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இலேயே காட்டினார். மூன்று தலைப்புகளுக்கும் ஒரே தரம் வந்திருந்தால், அது ஆதாரத்தால் வந்ததா, ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டியதா என்று சரிபாருங்கள்.

ஏழாம் படி: பேசுங்கள்

வரைவை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முதன்முதலாக எதிரில் உட்கார்ந்து படிப்பவரால் யோசித்துப் பேச முடியாது. ஊதிய உயர்வோ ஒப்பந்தப் புதுப்பிப்போ இதோடு தொடர்புடையதானால் அதை வேறொரு நாளில் பேசுங்கள். பணம் மேசையில் இருக்கும்போது யாரும் தன் வகுப்பின் சிக்கலைத் திறந்து சொல்வதில்லை.

பேச்சில் குறிப்பை முன்வைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். 

"டீச்சர், இருபதாவது நிமிடம் வரை இரண்டிலிருந்து நான்கு பேர்தான் வேலையில் இல்லை. அதன்பிறகு 11, 13 என்று ஏறுகிறது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்?"

"பின்வரிசையில் சந்தேகம் கேட்பவர்களை விட்டு வர முடிவதில்லை, சார். முன்னால் இருப்பவர்கள் அதற்குள் முடித்துவிடுகிறார்கள்."

"அவர்களுக்கு அடுத்த கணக்கு முன்கூட்டியே கையில் இருந்தால்?"

"தயாரிக்க நேரம் வேண்டும், சார். அ பிரிவு சாரிடம் ஒரு தொகுப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்."

பேச்சு இப்படிப் போனால் இலக்கை அவரே எழுதுகிறார். கருத்துரை எப்போதும் பயன் தரும் என்று நினைத்துவிட வேண்டாம். க்ளூகர், டினிசி என்ற இரு ஆய்வாளர்கள் பல நூறு சோதனை முடிவுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்டதில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சந்தர்ப்பங்களில் கருத்துரைக்குப் பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளைப் பற்றியதாக மாறும்போது அந்த ஆபத்து கூடுகிறது என்பது அவர்களின் விளக்கம். "நீங்கள் கண்டிப்பு இல்லாதவர்" என்பதற்கும் "24-ஆவது நிமிடத்தில் எட்டுப் பேருக்கு வேலை இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆசிரியர் உடன்படாவிட்டால் எந்தக் குறிப்பை மறுக்கிறார், எந்த முடிவை மறுக்கிறார் என்று பிரித்துக் கேளுங்கள். குறிப்பில் தவறிருந்தால் திருத்துங்கள். முடிவில் வேறுபாடு நீடித்தால் அவருடைய பதிலை அவர் சொற்களிலேயே இணைத்துக் கோப்பில் வையுங்கள். கையெழுத்து "படித்தேன்" என்பதற்குத்தான், "ஒப்புக்கொண்டேன்" என்பதற்கு அல்ல என்று படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது.

எட்டாம் படி: ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள்

அதே ஐந்து நிமிட எண்ணிக்கையை, அதே பயிற்சி நேரத்தில் எடுங்கள். 11, 13 என்று இருந்தது 5, 6 ஆகியிருந்தால் அதைத் தேதியோடு நோட்டில் எழுதி ஆசிரியைக்கும் காட்டுங்கள். மாறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, தருவதாகச் சொன்ன பொது ஓய்வு பீரியட் உண்மையில் கிடைத்ததா என்பதை. கிடைத்தது, கடினமான கணக்குகளும் தாளின் பின்புறம் வந்துவிட்டன, ஆனால் மாணவர்கள் அவற்றைத் தொடவே இல்லை என்று தெரிந்தால், முடித்தவர்கள் தாளைத் திருப்ப வேண்டும் என்பது வகுப்புக்குச் சொல்லப்பட்டதா, அந்தக் கணக்குகளை யாராவது திருத்துகிறார்களா என்று கேளுங்கள். திருத்தப்படாத வேலையை மாணவர்கள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள். ஆசிரியை ஒருவராகத் திருத்த நேரமில்லை என்றால், விடைகளைத் தனித் தாளில் முன் மேசையில் வைத்து, முடித்தவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி மாற்றி, இன்னும் மூன்று வாரம் கொடுத்துப் பார்க்கலாம்.